ஈல்டு 0.4 ஏறியதற்கு என் ஸ்ட்ரிப்ஸ் பத்திரம் இவ்வளவு இறங்குமா?

மேகலா_கரூர்

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். வயது 35. ஓய்வுக் காலத்துக்கு என்று ஆறு மாதம் முன்பு ஒரு புரோக்கர் வழியாக அரசுப் பத்திர ஸ்ட்ரிப்ஸ் வாங்கினேன். அப்போது முதிர்வுக்கு 25½ ஆண்டு இருந்தது. முகமதிப்பு 10 லட்சம். நூறு ரூபாய்க்கு 17.30 வீதம் 1,73,000 கட்டினேன். நடுவில் வட்டி எதுவும் வராது, கடைசியில் மொத்தமாக 10 லட்சம் வரும், இன்றைய விலையில் வாங்கி முதிர்வுவரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு வருமான விகிதம், அதாவது ஈல்டு, 7% என்று சொன்னார்கள். அதெல்லாம் புரிந்துதான் வாங்கினேன்.

இன்று செயலியைத் திறந்தால் விலை 16.26 என்று சிவப்பில் காட்டுகிறது. 1,62,600 தான். பத்தாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. புரோக்கரிடம் கேட்டால் "ஈல்டு 7-லிருந்து 7.4 ஆகிவிட்டது மேடம்" என்கிறார். 0.4 தானே ஏறியது? அதற்கு 6 சதவீதம் எப்படிப் போகும்? அரசு தரவேண்டிய 10 லட்சத்தில் ஒரு பைசாவும் மாறவில்லையே.

இன்னொரு சந்தேகம். 7 சதவீதம் என்று வைத்து நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் 17.81 வருகிறது, ஆனால் எனக்கு 17.30-க்குக் கொடுத்தார்கள். குறைத்துக் கொடுத்தார்களா, இல்லை கணக்கில் நான் எங்காவது தப்பு செய்கிறேனா?

---

லோகநாதன்62

இதுக்குத்தான் இந்த மாதிரி விஷயத்துல கை வைக்காதீங்கன்னு சொல்றது. நான் தபால் ஆபீஸ்ல கிசான் விகாஸ் பத்திரம் போட்டிருக்கேன். 115 மாசத்துல இரட்டிப்பு. அதுலயும் நடுவுல வட்டி கிடையாது, கடைசில மொத்தமாத்தான் வரும். ஆனா ஒரு நாள்கூட "இன்னைக்கு உங்க பத்திரம் 6 சதவீதம் இறங்கிடுச்சு"ன்னு எவனும் சொன்னதில்லை. ரெண்டும் ஒண்ணுதானே? உங்களுக்கு மட்டும் ஏன் இறங்குது? புரோக்கர் கமிஷன் எடுத்துட்டாரான்னு பாருங்கம்மா.

---

செந்தில்_ஈரோடு

கமிஷன் எல்லாம் இல்லை அண்ணா. ஈல்டு ஏறினால் பாண்டு விலை இறங்கும், அது விதி.

ஆனால் "நீண்ட காலப் பத்திரம்தான் அதிகம் ஆடும்" என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை நான் ஏற்கவில்லை. எக்செலில் போட்டுப் பார்த்தேன். ஈல்டு 7-லிருந்து 7.4 போனால், மேடத்தினுடையதைப் போலவே நடுவில் வட்டி தராத 10 ஆண்டு ஸீரோ கூப்பன் பத்திரம் 50.26-லிருந்து 48.35-க்கு வருகிறது. 1 ரூபாய் 90 பைசா இறக்கம். மேகலா மேடத்தின் 25 ஆண்டுப் பத்திரம் 17.91-லிருந்து 16.26-க்கு வருகிறது. 1 ரூபாய் 65 பைசா. அப்படியென்றால் நீளமானது குறைவாகத்தானே இறங்கியிருக்கிறது? 10 ஆண்டு வாங்கியிருந்தால் இன்னும் மோசம்.

---

பழைய_டீலர்

ஒரு வங்கியின் டிரஷரியில் 22 ஆண்டு பத்திரம் வாங்கி விற்றவன் நான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மேகலா மேடத்தின் கால்குலேட்டர் சந்தேகம் சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம்.

இந்தியாவில் அரசுப் பத்திர ஈல்டைச் சொல்வது அரையாண்டுக் கணக்கில். 7% என்றால் ஆறு மாதத்துக்கு 3.5%, அது அடுத்த ஆறு மாதம் வட்டிக்கு வட்டியாகச் சேரும். நீங்கள் வாங்கியபோது 51 அரையாண்டு இருந்தது. 100-ஐ 1.035-ஆல் 51 முறை வகுத்துக்கொண்டே போங்கள், 17.30 வந்து நிற்கும். நீங்கள் 1.07-ஐ வைத்து ஆண்டுக் கணக்காகப் போட்டதால் 17.81 வந்தது. யாரும் குறைத்தும் கொடுக்கவில்லை, ஏமாற்றவும் இல்லை. ஆண்டுக் கணக்கில் சொன்னால் உங்கள் ஈல்டு 7.12%. வங்கி எஃப்டியோடு ஒப்பிடுவதற்கு முன் அவர்கள் எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

செயலியில் எந்த விலை காட்டினாலும் அதன் பின்னால் இருக்கும் ஈல்டை நீங்களே எடுக்கலாம். எக்செலில் ஒரு வரி போதும்:

```
=2*((100/16.26)^(1/50)-1)
```

7.4% வரும். 50 என்பது மிச்சமிருக்கும் அரையாண்டுகள்.

இப்போது பெரிய கேள்வி. 0.4-க்கு எப்படி இவ்வளவு?

உங்கள் பத்திரத்தை இன்று ஒருவர் வாங்க வருகிறார் என்று வையுங்கள். சந்தையில் அவருக்கு அரையாண்டுக்கு 3.7% கிடைக்கிறது. உங்கள் பத்திரம் 3.5% கணக்கில் விலை போட்டது. ஒவ்வொரு அரையாண்டுக்கும் 0.2 அவருக்குக் குறைகிறது. கூப்பன் பத்திரமாக இருந்தால் வருகிற வட்டியை எடுத்துப் புது விகிதத்தில் போட்டு அவர் கொஞ்சம் ஈடு கட்டுவார். உங்களுடையதில் நடுவில் ஒரு பைசாவும் கைக்கு வராது. 50 அரையாண்டும் அந்த 0.2-ஐ இழந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் வரும் 10 லட்சத்தையும் அவரால் கூட்ட முடியாது. அவர் கையில் இருப்பது இன்று தரப்போகும் விலை ஒன்றுதான். 50 தவணைக் குறையையும் சேர்த்து இன்றே அதில் கழித்துக்கொள்கிறார். 50 தடவை 0.2 என்றால் கிட்டத்தட்ட 10.

ஓர் ஆண்டுப் பத்திரத்தில் இரண்டே தவணை. அதற்குக் கழிப்பது 0.4 தான். காலம் நீண்டால் ஆட்டம் அதிகம் என்பதற்குக் காரணம் இவ்வளவுதான் மேடம். அந்த 0.4 எத்தனை ஆண்டுக்குச் செல்லுமோ அத்தனை ஆண்டுக்கும் உள்ளது ஒரே நாளில் விலையில் விழுகிறது.

அடுத்து, நீங்கள் 6 சதவீதம் இறங்கியது என்கிறீர்கள். உண்மையில் இறங்கியது 9.2. ஆறு மாதம் வைத்திருந்ததற்கு உங்களுக்கு 3.5% வளர்ந்திருக்கிறது. ஈல்டு மாறாமல் இருந்திருந்தால் இன்று 17.30 என்பது 17.91 ஆகியிருக்கும். அங்கிருந்துதான் 16.26-க்கு வந்தது. வளர்ந்தது இறக்கத்தில் கொஞ்சத்தை மறைத்ததால் உங்கள் கண்ணுக்கு 6 தெரிகிறது.

---

மேகலா_கரூர்

ஐயோ, 9 சதவீதமா! ஆனால் "50 தவணைக் குறையையும் இன்றே கழிக்கிறார்" என்றதும் சட்டென்று பிடிபட்டது சார். இத்தனை நாள் "விகிதம் ஏறினால் விலை இறங்கும்" என்று மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன்.

செந்தில் சார் சொன்னதற்குப் பதில் வேண்டும். அவர் கணக்கும் சரியாகத்தான் வருகிறது. நோட்டில் போட்டுப் பார்த்தேன். 10 ஆண்டுக்கு 1.90, 25 ஆண்டுக்கு 1.65.

---

பழைய_டீலர்

செந்தில் தம்பியின் எண்கள் சரி. தப்பு எதனோடு ஒப்பிடுகிறார் என்பதில் இருக்கிறது. 50 ரூபாய் பொருளில் 1.90 போவதும் 18 ரூபாய் பொருளில் 1.65 போவதும் எப்படி ஒன்றாகும்? ஒரே அளவு பணத்தை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு 10 ஆண்டு வாங்கியிருந்தால் போவது 3,790 ரூபாய். அதே லட்சத்துக்கு 25 ஆண்டு வாங்கியிருந்தால் 9,190.

ஆனாலும் அவர் கண்ணில் பட்டது நல்ல விஷயம், தள்ளிவிட வேண்டாம். முகமதிப்பு 100-க்கு, 7-லிருந்து 7.4 போனால்:

```
ஆண்டு    7%-ல்    7.4%-ல்   ரூபாய் இறக்கம்   சதவீதம்
  1      93.35    92.99        0.36           0.4
  5      70.89    69.54        1.36           1.9
 10      50.26    48.35        1.90           3.8
 15      35.63    33.62        2.00           5.6
 25      17.91    16.26        1.65           9.2
```

கடைசிப் பத்தி இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய 0.38 வீதம். அதற்கு முந்தைய பத்தி 15 ஆண்டுவரை ஏறிவிட்டுப் பிறகு குறைகிறது. காலம் நீள நீளச் சதவீத இறக்கம் கூடுகிறது, ஆனால் அந்தச் சதவீதம் விழும் அடித்தளமான விலை சுருங்கிக்கொண்டே போகிறது. இந்த ஈல்டில் 15 ஆண்டை ஒட்டி இரண்டும் சமமாகிறது. அதற்கு மேல் விலைச் சுருக்கம் ஜெயிக்கிறது. ஈல்டு அதிகமான நாட்டில் இந்த உச்சி இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

டிரஷரியில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் இங்கேதான் விழுவார்கள். 10 ஆண்டு ஒரு கோடி முகமதிப்புக்கு எதிராக 25 ஆண்டு ஒரு கோடி முகமதிப்பு என்று வைத்து "நஷ்ட வாய்ப்பு குறைவு" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். முகமதிப்பை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும், ஆனால் போட்ட பணத்தை வைத்துப் பார்த்தால் தலைகீழ்.

---

செந்தில்_ஈரோடு

சரி, ஏற்றுக்கொள்கிறேன். பங்கில் பழகியவன், எப்போதும் "ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு" என்றே பார்க்கிற பழக்கம்.

ஆனால் நீங்கள் 50 × 0.2 = 10 என்றீர்கள். இறங்கியது 9.2 தானே? மீதி எங்கே போனது?

---

பழைய_டீலர்

இரண்டு இடத்தில் தேய்கிறது. முதலாவது, 0.2 என்பது 1.035-ல் 0.2. அதனால் 10-ஐ 1.035-ஆல் வகுக்க வேண்டும், 9.66 வரும். சந்தையில் மாடிஃபைடு டியூரேஷன் என்று சொல்வது இதைத்தான், உங்கள் பத்திரத்துக்கு 24.15. ஈல்டு மாற்றத்தை அதனால் பெருக்கினால் கிட்டத்தட்ட விலை மாற்றம்.

இரண்டாவது, விலை இறங்க இறங்க அடுத்த இறக்கம் விழுவது சிறுத்துப்போன விலையின்மேல். அதனால் 9.66 முழுதாக வராமல் 9.2-ல் நிற்கிறது. இது எதிர்ப்பக்கம் சாதகமாக வேலை செய்யும். ஈல்டு 0.4 ஏறுவதற்குப் பதில் 6.6-க்கு இறங்கியிருந்தால் விலை 19.72 ஆகியிருக்கும், 10.2% ஏற்றம். அதே 0.4-க்குக் கீழே போவது 9.2, மேலே போவது 10.2. காலம் நீண்ட பத்திரத்தில்தான் இந்த வளைவு கண்ணுக்குத் தெரிகிற அளவு இருக்கும். ஓர் ஆண்டுப் பத்திரத்தில் தேடினாலும் கிடைக்காது.

---

லோகநாதன்62

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. கேவிபி ஏன் இறங்கல?

---

பழைய_டீலர்

மன்னிக்கணும் லோகநாதன் சார். உங்கள் கேவிபியும் கணக்குப்படி ஸீரோ கூப்பன்தான். 115 மாதத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 7.5%. வித்தியாசம், உங்களுடையதை நீங்கள் சந்தையில் யாருக்கும் விற்க முடியாது, அரசிடமே திருப்பிக் கொடுக்கிறீர்கள். இரண்டரை ஆண்டு கழித்து முன்கூட்டியே எடுத்தால் எவ்வளவு தருவது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணை அன்றைய சந்தை ஈல்டைப் பார்ப்பதில்லை. நாளைக்கு வட்டி 9-க்குப் போனால் நீங்கள் இதைக் கொடுத்துவிட்டு 9-ல் போட்டுக்கொள்ளலாம், விலை நஷ்டம் உங்கள்மேல் விழாது. நீங்கள் தாங்க வேண்டிய ஆட்டத்தை அரசு தாங்குகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேகலா மேடத்துக்குப் பூட்டிக் கிடைத்தது 25 ஆண்டு, உங்களுக்கு ஒன்பதரை ஆண்டு. அதற்குப் பிறகு என்ன வட்டியோ அதைத்தான் ஏற்க வேண்டும்.

---

லோகநாதன்62

அப்ப நான் தாங்காததை அவங்க தாங்குறாங்க. புரியுது.

1992-ல ஐடிபிஐ பத்திர விளம்பரம் ஞாபகம் வருது. 2,700 ரூபா கட்டினா 25 வருஷத்துல ஒரு லட்சம். எங்க ஆபீஸ்ல எல்லாரும் "37 மடங்கு, 37 மடங்கு"ன்னு பேசினாங்க. நான் வாங்கல, பொண்ணு பொறந்த செலவு. அதுவும் இதே வகைதானா?

---

பழைய_டீலர்

இதே வகைதான். 37 மடங்கு என்று கேட்கப் பெரிதாக இருக்கும், ஆண்டுக் கணக்கில் 15.54% வரும். மடங்கை வைத்து யாரும் மயங்கக் கூடாது, ஈல்டைப் பார்க்க வேண்டும்.

நீண்ட பத்திரம் மேல்நோக்கி எவ்வளவு ஆடும் என்பதற்கு அதுவே நல்ல உதாரணம். அப்படி ஒரு பத்திரத்தைப் பத்து ஆண்டு வைத்திருந்தால் 15.54 வீதம் வளர்ந்து 11,450 சுற்றி இருக்கும். அந்த நேரத்தில் சந்தை வட்டி 7-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். மீதி 15 ஆண்டை 7-ல் தள்ளினால் ஒரு லட்சத்தின் அன்றைய விலை 35,000-க்கு மேல். மூன்று மடங்கு! ஆனால் வெளியிட்டவர் கையில் "இந்தத் தேதியில் இந்தத் தொகையைக் கொடுத்து முடித்துவிடுவேன்" என்ற உரிமை இருந்தால் இந்த ஏற்றம் உங்கள் கைக்கு வராது. அவர் மலிவாக வேறு கடன் வாங்கி உங்களை அனுப்பிவிடுவார். இறக்கம் மட்டும் முழுதாக உங்களுடையது. பழைய டீப் டிஸ்கவுண்ட் பத்திரம் எதையாவது யாராவது விற்க வந்தால் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பகுதியை. மேகலா மேடத்தின் ஸ்ட்ரிப்ஸில் அப்படி எதுவும் இல்லை.

---

நித்யா.பி

ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பத்திரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டீலர் சார் கணக்கில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஆனால் அதில் ஒளிந்திருக்கும் ஓர் அனுமானத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த அட்டவணையில் 1 ஆண்டு ஈல்டும் 25 ஆண்டு ஈல்டும் ஒரே நாளில் ஒரே அளவு 0.4 ஏறுவதாக இருக்கிறது. உண்மையில் அப்படி ஏறுவது அபூர்வம்.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5-க்குக் கொண்டுபோனது. முதல் உயர்வு அறிவித்த அன்றே 10 ஆண்டு ஈல்டு 7.4-ஐ நெருங்கிவிட்டது. ஒன்பது மாதம் கழித்து ரெப்போ 6.5 ஆனபோதும் கிட்டத்தட்ட அதே இடம்தான். நடுவில் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான 364 நாள் டி-பில்லின் ஈல்டோ இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த ஒன்பது மாதத்தில் ஆடியது குறுகியது, நீளமானது அல்ல. டி-பில்லும் ஸீரோ கூப்பன்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் "நீண்ட காலம் என்றால் விலை அதிகம் ஆடும்" என்பதை "ஈல்டு சமமாக மாறினால்" என்று சேர்த்தே சொல்ல வேண்டும். 25 ஆண்டு ஈல்டு எதனால் நகர்கிறது என்பது வேறு கதை. அங்கே பெரிய வாங்குவோர் காப்பீட்டு நிறுவனங்கள், பிஎஃப், பென்ஷன் நிதிகள். அவர்கள் வாங்குவது ஒரு காலாண்டு மந்தமானால் ரெப்போ அசையாமலே நீண்ட ஈல்டு ஏறும்.

---

பழைய_டீலர்

ஒப்புக்கொள்கிறேன் மேடம், ஒரு பாதி. நீண்ட ஈல்டு குறைவாக நகரும் என்பது உண்மை. ஆனால் 24 மடங்கு பெருக்கத்தை அது ஈடு கட்டுமா? உங்கள் உதாரணத்தில் டி-பில் இரண்டு சதவீதம் ஏறினால் விலையில் இரண்டு சதவீதம் போகும், ஓர் ஆண்டில் வட்டியே அதை விழுங்கிவிடும். 25 ஆண்டு ஸீரோவில் அதே இரண்டு சதவீத விலை இறக்கத்துக்கு ஈல்டு 0.08 நகர்ந்தால் போதும். அது ஒரு வாரத்தில் நடக்கிற விஷயம். நான் வேலை பார்த்த காலத்தில் நீண்ட பத்திரங்களின் விலைதான் தினமும் அதிகம் ஆடியது.

---

நித்யா.பி

தினசரி ஆட்டம் என்றால் சரி சார். ஆனால் "வட்டி ஏறும் காலம், அதனால் நீளமானதில் போடாதே" என்று இதைக் காட்டி ஆலோசனை சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். 2022-ன் ஒன்பது மாதம் அவர்களுக்கு எதிர் உதாரணம். இந்த இடத்தில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

மேகலா மேடம், உங்களுடையதைப் போல 25 ஆண்டு, ஆனால் 7% கூப்பன் தரும் சாதாரண அரசுப் பத்திரம் வாங்கியிருந்தால் இதே 0.4-க்கு 100-லிருந்து 95.47-க்கு வந்திருக்கும். 4.5% தான். முதிர்வு ஒன்று, இறக்கம் பாதி. வட்டி நடுநடுவே கைக்கு வருவதால் அதில் உங்கள் பணம் சராசரியாகத் திரும்பும் காலம் 25 ஆண்டைவிட வெகு குறைவு. ஸீரோவில்தான் "25 ஆண்டு" என்றால் முழுதாக 25.

---

மேகலா_கரூர்

இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். இப்போது என் பத்திரம் 7.4-ல் வளர்கிறது. முன்பு 7-ல் வளர்ந்தது. வேகம் கூடிவிட்டது. அப்படியானால் விட்டதைச் சில ஆண்டில் பிடித்துவிடாதா? எத்தனை ஆண்டு ஆகும்?

---

பழைய_டீலர்

எதைப் பிடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது மேடம்.

நீங்கள் கட்டிய 1,73,000-ஐப் பிடிக்கப் பத்து மாதம் போதும், ஈல்டு 7.4-லேயே நின்றால். சிவப்பு போய்விடும்.

ஆனால் ஈல்டு ஏறாமல் இருந்திருந்தால் நீங்கள் எங்கே இருந்திருப்பீர்களோ, அந்தப் பாதையைப் பிடிக்க எத்தனை ஆண்டு? சரியாக 25. இரண்டு பாதையும் முடிவது ஒரே 10 லட்சத்தில், ஒரே தேதியில். மேலே உள்ளது 3.5-ல் ஏறுகிறது, கீழே உள்ளது 3.7-ல் துரத்துகிறது. கடைசி நாளில்தான் கை தொடும். அதற்கு முன் எந்த நாளில் விற்றாலும் பழைய பாதையைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. இன்று இடைவெளி 16,450 ரூபாய். பத்து ஆண்டு கழித்துப் பாருங்கள், மேலே 3,56,280, கீழே 3,36,230. இடைவெளி 20,050. குறையவில்லை, கூடியிருக்கிறது! சதவீதத்தில் 9.2 என்பது 5.6 ஆகிவிட்டது, ரூபாயில் மட்டும் பெருத்திருக்கிறது. செந்தில் தம்பி கண்டுபிடித்த அந்த 15 ஆண்டு உச்சி இங்கே வந்து நிற்கிறது. மிச்சம் 15 ஆண்டு இருக்கும்போது ரூபாய் இடைவெளி உச்சம். அதன்பிறகுதான் சுருங்கத் தொடங்கும்.

---

செந்தில்_ஈரோடு

அட! நான் தப்பாகச் சொன்ன கணக்கு இப்படி உதவும் என்று நினைக்கவில்லை. அட்டவணையைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அது மேடத்தின் பத்திரம் வயதாகும் கதை. 25, 15, 10, 5, 1.

மேகலா மேடம், அப்போ விற்றுவிட்டு 7.4 கிடைக்கிற வேறு பத்திரத்தில் போட்டுவிடலாமே? விட்டதைப் பிடிக்கலாம்.

---

நித்யா.பி

அதில் எதுவும் கிடைக்காது செந்தில். அவருடைய பத்திரமே இப்போது 7.4-ல்தான் இருக்கிறது. 16.26-க்கு விற்று 7.4-ல் வேறு 25 ஆண்டு ஸீரோ வாங்கினால் அதே 10 லட்சம் முகமதிப்புதான் கிடைக்கும், விற்று வாங்குகிற செலவு போக. மாறினால் காலத்தை மாற்றலாம், நஷ்டத்தை மாற்ற முடியாது.

அந்தச் செலவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். செயலி காட்டும் 16.26 என்பது விற்கக் கிடைக்கும் விலையா என்று முதலில் கேளுங்கள் மேடம். கடைசியாக நடந்த வியாபாரமாக இருக்கலாம், மதிப்பீட்டு விலையாகவும் இருக்கலாம். ஸ்ட்ரிப்ஸில் சில நாள் வியாபாரமே நடக்காது.

---

மேகலா_கரூர்

கேட்டுவிட்டேன். விற்பதற்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "இன்றைக்கு விற்றால் 15.80 தருவோம், ஈல்டில் பார்த்தால் 0.12 தான் வித்தியாசம் மேடம்" என்றார்கள்.

டீலர் சார் கொடுத்த வரியில் போட்டேன். 15.80-க்கு 7.52 வருகிறது. 0.12 என்பது சரிதான். பிறகு ரூபாயில் போட்டேன். 1,62,600-க்குப் பதில் 1,58,000. நாலாயிரத்து அறுநூறு. 2.8 சதவீதம்! இதே 0.12 ஓர் ஆண்டுப் பத்திரத்தில் என்ன ஆகும் என்று போட்டால் பத்துப் பைசாவைச் சுற்றி வருகிறது.

---

பழைய_டீலர்

கணக்கு சரி. நீண்ட ஸீரோவில் விலையைக் கேளுங்கள், ஈல்டைக் கேட்காதீர்கள். 0.12 என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது. இரண்டு மூன்று இடத்தில் கேட்டு வைப்பது நல்லது. வாங்கும்போதும் இதே 0.12 எங்காவது போயிருக்கலாம், அன்றைய ஸீரோ கூப்பன் ஈல்டு வளைவை, அரசுப் பத்திர வியாபாரங்களைத் தீர்த்துவைக்கும் சிசிஐஎல் நிறுவனத்தின் தளத்தில் எடுத்து உங்கள் 7%-ஓடு வைத்துப் பாருங்கள்.

---

லோகநாதன்62

அம்மா, அறுபது வயசு வரைக்கும் இந்தக் காசு உங்களுக்கு வேண்டாம்னா செயலியை ஏன் தினமும் திறக்கறீங்க? நடுவுல வேண்டியிருக்கும்னா அதை இதுல போட்டதே எனக்குப் புரியல. எது உங்க நிலைமை?

---

மேகலா_கரூர்

நேர்மையாகச் சொன்னால் இரண்டும்தான் அண்ணா. முழுசும் ஓய்வுக்கு என்று நினைத்துத்தான் போட்டேன். ஆனால் பையன் இப்போது ஆறாம் வகுப்பு. ஏழு ஆண்டில் கல்லூரி. அப்போது கை நீட்ட வேண்டி வருமா என்று எனக்கே தெரியவில்லை. ஏழு ஆண்டு கழித்து என் பத்திரத்தில் 18 ஆண்டு மிச்சம் இருக்கும். அந்த 18 ஆண்டு ஈல்டு 7.4 என்றால் எவ்வளவு, 8.4 என்றால் எவ்வளவு என்று இன்று இரவு நோட்டில் போட்டுப் பார்க்கப் போகிறேன். வித்தியாசம் ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கு மேல் வந்தால், கல்லூரிக்கு வேண்டிய அளவை மட்டும் பிரித்து ஏழு ஆண்டு முதிர்வுக்கு மாற்றுவதைப் பற்றிக் கேட்க மறுபடி வருவேன்.

---

பழைய_டீலர்

36 அரையாண்டு, 1.037-ம் 1.042-ம். போட்டுவிட்டு எண்ணை இங்கே போடுங்கள், சரிபார்க்கிறேன்.